வார விற்பனை அட்டவணையில் + குறியும் ▲▼ அம்பும்: எந்தக் கோளாறு, எங்கே சரிசெய்வது

விற்பனை அட்டவணையில் ‘மாற்றம்’ என்ற நெடுவரிசை ஒன்று இருந்தால், பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். ஏறியதா, இறங்கியதா? அதற்காகத்தான் முன்னால் ஒரு + போடுகிறோம், பக்கத்தில் ஒரு அம்பு வைக்கிறோம். சின்ன வேலைதான். ஆனால் வாராவாரம் ஏதாவது ஒரு இடத்தில் இடறும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருபவை: குறியையும் அம்பையும் எண்ணோடு சேர்த்து எழுதிவிடுவது. செல்லுக்குள் எண் எண்ணாகவே இருக்கட்டும். குறியும் அம்பும் அதன் மேல் போடும் சட்டை மட்டுமே.

கீழே உள்ளவை எக்செலை மனத்தில் வைத்து எழுதியவை. கூகுள் ஷீட்ஸில் வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அட்டவணைதான் உதாரணம். விற்ற எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. A பொருள், B கடந்த வாரம், C இந்த வாரம், D மாற்றம்.

```
     A              B      C      D
2    நோட்டு          40     60
3    பேனா           400    368
4    அழிப்பான்       120    120
5    பை             500    501
6    கால்குலேட்டர்     0     14
```

D2-வில் `=C2/B2-1` என்று எழுதிக் கீழே இழுத்தால் நோட்டுக்கு 0.5 அதாவது 50%, பேனாவுக்கு -0.08 அதாவது -8%, அழிப்பானுக்கு 0, பைக்கு 0.002 அதாவது 0.2% வரும். கால்குலேட்டர் `#DIV/0!` என்று கத்தும். அதைப் பிறகு பார்ப்போம்.

+ போட்டு எண்டர் தட்டினால் + காணாமல் போகிறது

`+50` என்று தட்டினால் எக்செல் அதை 50 என்று புரிந்துகொள்ளும். கூட்டல் குறி அதற்குத் தேவையில்லாத ஒன்று, எடுத்துப் போட்டுவிடும். உடனே பலரும் செய்வது முன்னால் ஒற்றை மேற்கோள் வைத்து `'+50` என்று அடிப்பது. குறி தெரியும், ஆனால் அந்த நிமிடமே அது எண் அல்ல, வெறும் எழுத்து. அடுத்த கோளாறுக்கு அதுவே விதை.

சரியான வழி ஃபார்மட். D நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து `Ctrl+1` அழுத்துங்கள். `Number` தாவலில் `Custom` என்பதைத் தேர்ந்து, `Type` பெட்டியில் இதை எழுதுங்கள்:

```
+0%;-0%;0%
```

கூகுள் ஷீட்ஸில் இதே பெட்டி `Format > Number > Custom number format` என்ற இடத்தில் இருக்கிறது. எழுத வேண்டியதும் இதேதான்.

குறி நன்றாகத் தெரிகிறது, ஆனால் கூட்டினால் 0 வருகிறது; வரிசைப்படுத்தினால் கன்னாபின்னா

செல்லில் இருப்பது எழுத்து. கண்டுபிடிக்க இரண்டு நொடி போதும். நீங்கள் கையால் இடம் வலம் மாற்றியிருக்காவிட்டால் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு காலி செல்லில் `=ISNUMBER(D2)` போட்டுப் பாருங்கள். `FALSE` என்றால் விஷயம் முடிந்தது.

கையால் மேற்கோள் போட்டவர்கள் மட்டும் இதில் மாட்டுவதில்லை. `=TEXT(C2/B2-1,"+0%;-0%;0%")` என்று எழுதுபவர்களும் மாட்டுவார்கள். `TEXT` தருவது எப்போதும் எழுத்துதான். திரையில் +50% என்றே தெரியும், ஆனால் `SUM` அதைக் கண்டுகொள்ளாது. பெரிய ஏற்றத்தை மேலே கொண்டுவர வரிசைப்படுத்தினால் +8% என்பது +50%-க்கு மேலே போய் உட்காரும், ஏனென்றால் எழுத்து வரிசையில் 8 என்பது 5-க்குப் பிறகு வருவது. நானே ஒருமுறை இப்படி வரிசைப்படுத்திய பட்டியலை ‘முதல் பத்து’ என்று அனுப்பிவிட்டு, மறுநாள் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

`TEXT`-ஐ எடுத்துவிட்டு ஃபார்முலாவை மட்டும் வையுங்கள், குறியை ஃபார்மட்டில் கொடுங்கள். `TEXT` தேவைப்படும் ஒரே இடம் வாக்கியம் கட்டும்போதுதான். `="நோட்டு விற்பனை "&D2` என்று எழுதினால் ஃபார்மட் கூட வராது, ‘நோட்டு விற்பனை 0.5’ என்று மொட்டையாக வந்து நிற்கும். அங்கே `TEXT(D2,"+0%;-0%;0%")` போடுவது சரி, ஏனென்றால் அதை யாரும் கூட்டப் போவதில்லை.

இறக்கத்துக்கு -+8% என்று வருகிறது, அல்லது கழித்தல் குறியே இல்லை, அல்லது பூஜ்யத்துக்கும் + விழுகிறது

மூன்றும் ஒரே குடும்பம். ஃபார்மட்டில் அரைப்புள்ளி போட்டுப் பிரிக்கும் பகுதிகளைப் புரிந்துகொண்டால் மூன்றும் தீரும். முதல் பகுதி நேர்மறை எண்ணுக்கு, இரண்டாவது எதிர்மறைக்கு, மூன்றாவது பூஜ்யத்துக்கு, நான்காவது எழுத்துக்கு.

`+0%` என்று ஒரே பகுதி மட்டும் எழுதினால் எல்லா எண்ணுக்கும் அதுதான். எதிர்மறை வந்தால் எக்செல் தன் பங்குக்கு முன்னால் ஒரு கழித்தலைச் சேர்க்கும். அதனால்தான் பேனா வரிசையில் -+8% என்ற விநோதம். அம்பு வைத்தவர்களுக்கு இது -▲ 8% என்று தெரியும், இன்னும் மோசம்.

இரண்டு பகுதி எழுதினால் எக்செல் கழித்தல் குறியைச் சேர்ப்பதை நிறுத்திவிடும். இனி அது உங்கள் பொறுப்பு. `+0%;0%` என்று எழுதிவிட்டால் பேனாவின் 8% இறக்கம் குறி எதுவும் இல்லாமல் 8% என்று நிற்கும், படிப்பவர் ஏற்றம் என்றே நினைப்பார். இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். மற்றவை பார்த்தவுடன் தப்பு என்று தெரியும், இது தெரியாது. இரண்டாவது பகுதியில் `-` ஆவது ▼ ஆவது கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்றாவது பகுதி இல்லாவிட்டால் பூஜ்யம் முதல் பகுதியில் போய்ச் சேரும். அழிப்பான் ஒன்றும் மாறவில்லை, ஆனால் +0% என்று காட்டும். அம்பு இருந்தால் மாறாத பொருளுக்கு மேல் அம்பு. ஆகவே மூன்று பகுதியையும் எழுதிவிடுங்கள். அம்பும் நிறமும் சேர்த்தால் இப்படி:

```
[Color10]"▲ "+0%;[Red]"▼ "-0%;0%
```

`[Green]` என்றும் போடலாம், ஆனால் அந்தப் பச்சை வெள்ளைப் பின்னணியில் கண்ணைப் பறிக்கும், படிக்க முடியாது. `[Color10]` கொஞ்சம் அடர்ந்த பச்சை. அம்பு இருக்கும்போது + - தேவையா என்று கேட்டால், என் வழக்கம் இரண்டையும் வைப்பது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் நிறம் போய்விடும், சின்ன எழுத்தில் ▲ எது ▼ எது என்று குழப்பும், குறி மட்டும் நிற்கும். உங்களுக்கு நெரிசலாகத் தோன்றினால் குறியை எடுத்துவிடுங்கள், அம்பை மட்டும் விடுங்கள். இரண்டையும் எடுத்துவிடாதீர்கள்.

விண்டோஸில் எண் விசைப்பலகை இருந்தால் `Alt` விசையைப் பிடித்துக்கொண்டு 30 தட்டினால் ▲, 31 தட்டினால் ▼ வரும். இல்லையென்றால் ஒரு செல்லில் `=UNICHAR(9650)` போட்டு வருவதை எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள், கீழ் அம்புக்கு 9660. யாரோ அரட்டையில் அனுப்பிய ஃபார்மட்டை ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். வழியில் நேரான மேற்கோள் குறி வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். அப்போது ஃபார்மட் வேலை செய்யாது, அல்லது மேற்கோளும் சேர்ந்து செல்லில் தெரியும். மேற்கோளை மட்டும் கையால் அழித்துத் திரும்ப அடியுங்கள்.

மூன்று பகுதியும் எழுதியாயிற்று, ஆனாலும் ▲ +0% வருகிறது

பை வரிசையைப் பாருங்கள். 500 இருந்தது 501 ஆனது. மதிப்பு 0.002. எந்தப் பகுதி என்று எக்செல் முடிவு செய்வது இந்த உண்மையான மதிப்பை வைத்து. 0.002 பூஜ்யத்தைவிடப் பெரியது, எனவே முதல் பகுதி, எனவே ▲. அதற்குப் பிறகுதான் தசமம் இல்லாமல் காட்டச் சொன்னதால் 0% ஆகச் சுருக்குகிறது. இதே போல் இறக்கமானால் ▼ -0% என்று ஒன்று வரும். அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

தீர்வு இரண்டு. ஒரு தசமம் காட்டினால் அது ▲ +0.2% என்று நியாயமாகிவிடும். `0%` என்ற இடங்களில் `0.0%` என்று மாற்றினால் போதும். தசமம் வேண்டாம் என்றால் ஃபார்முலாவிலேயே சுருக்கிவிடுங்கள்:

```
=ROUND(C5/B5-1,2)
```

இப்போது செல்லில் இருப்பது நிஜமாகவே 0, மூன்றாவது பகுதி அதை எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: இந்த நெடுவரிசையை வைத்து மேற்கொண்டு கணக்குப் போடாதீர்கள். சுருக்கிய மதிப்பு காட்டத்தான். கணக்கு B, C-யிலிருந்தே போகட்டும்.

அம்பு தப்பான பக்கம் காட்டுகிறது: ஏறிய பொருளுக்குச் சிவப்புக் கீழ் அம்பு

இதைக் கேட்டவுடன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அம்பு ஃபார்மட்டில் இருக்கிறதா, `Conditional Formatting` மூலம் வந்த ஐகானா? பெரும்பாலும் ஐகான்தான்.

மூன்று அம்பு ஐகானைத் தேர்ந்தெடுத்தால் எக்செல் தானாக வைக்கும் எல்லைகள் 67 சதவீதம், 33 சதவீதம். இதில் பூஜ்யத்துக்கு எந்த மரியாதையும் கிடையாது. நெடுவரிசையில் உள்ள மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் இடையிலான தூரத்தை அது அளக்கிறது. நம் அட்டவணையில் சிறியது -8, பெரியது 50. தூரம் 58. அதில் 33 சதவீதம் சுமார் 19. அதாவது -8-லிருந்து 19 மேலே ஏறினால் 11. எனவே சுமார் 11%-க்குக் கீழே உள்ள எல்லாமே ‘கீழ்’. மாறாத அழிப்பானுக்குச் சிவப்பு, 0.2% ஏறிய பைக்கும் சிவப்பு. 10% ஏறிய பொருள் ஒன்று இருந்தால் அதற்கும் சிவப்புதான். நோட்டு 50% ஏறியது மற்ற எல்லாரையும் கீழே தள்ளிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எல்லாப் பொருளும் இறங்கிய வாரத்தில்கூடக் குறைவாக இறங்கியதற்குப் பச்சை மேல் அம்பு கிடைக்கும்.

சரிசெய்ய, D நெடுவரிசையைத் தேர்ந்து `Conditional Formatting > Manage Rules > Edit Rule` போங்கள். வலப்பக்கம் `Type` என்ற இடத்தில் இரண்டு வரியிலும் `Percent` இருக்கும். இரண்டையும் `Number` ஆக்குங்கள். பிறகு இரண்டு மதிப்பையும் 0 ஆக்குங்கள். கடைசியாக முதல் வரியில் உள்ள `>=` குறியை `>` என்று மாற்றுங்கள். இந்தக் கடைசி மாற்றத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அதைச் செய்யாவிட்டால் பூஜ்யத்துக்கும் பச்சை அம்பு வரும், நடுவில் உள்ள மஞ்சள் யாருக்குமே வராது.

ஐகானும் வேண்டும், + குறியும் வேண்டும் என்றால் ஐகானோடு `+0%;-0%;0%` ஃபார்மட்டை வையுங்கள். ஃபார்மட்டில் அம்பு, ஐகானில் அம்பு என்று இரண்டு அம்பு ஒரே செல்லில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். கூகுள் ஷீட்ஸில் இந்த ஐகான் வசதி இல்லை, அங்கே ஃபார்மட் அம்புதான் வழி. உண்மையைச் சொன்னால் எக்செலிலும் எனக்குப் பிடித்தது அதுவே. எல்லை எதையும் மாற்ற வேண்டியதில்லை, அம்புக்கு எப்போதும் பூஜ்யம்தான் எல்லை.

அம்பு ஃபார்மட்டில்தான் இருக்கிறது, இருந்தும் ஒரே ஒரு வரிசையில் தலைகீழ்

அந்த வரிசையின் கடந்த வார எண்ணைப் பாருங்கள். எதிர்மறையாக இருக்கும். விற்றதைவிடத் திரும்பி வந்தது அதிகமானால் நிகர விற்பனை -20 என்று ஆகும். இந்த வாரம் 10 விற்றிருந்தால் நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் `=C/B-1` என்ன சொல்லும்? 10-ஐ -20-ஆல் வகுத்தால் -0.5, அதில் 1 கழித்தால் -1.5. விளைவு ▼ -150%. வகுக்கும் எண்ணின் குறி முழுக் கணக்கையும் திருப்பிவிட்டது.

வித்தியாசத்தை எடுத்து, வகுக்கும்போது மட்டும் `ABS` போடுங்கள்: `=(C2-B2)/ABS(B2)`. இப்போது 30-ஐ 20-ஆல் வகுத்து ▲ +150%. அம்பின் திசை சரி. ஆனால் அந்த 150 என்ற எண்ணை யாரும் ரொம்ப நம்ப வேண்டாம். இப்படிப்பட்ட வரிசை அடிக்கடி வந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கை வித்தியாசத்தையே `+0;-0;0` என்று காட்டுவது நேர்மை.

கீழே உள்ள வரிசை எல்லாம் ▼ -100%, நடுவில் `#DIV/0!`

இந்த வார எண் இன்னும் நிரப்பாத இடத்தில் காலி செல் பூஜ்யமாகக் கணக்காகும். பூஜ்யம் என்றால் முழு இறக்கம், எனவே -100%. `#DIV/0!` என்றால் கடந்த வாரம் பூஜ்யம் அல்லது காலி. நம் கால்குலேட்டர் அப்படித்தான். பூஜ்யத்திலிருந்து 14-க்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் அதற்கு விடையே இல்லை. எனவே 100% என்று போட்டு ஒப்பேற்றாதீர்கள், சொல்லாலேயே சொல்லிவிடுங்கள்.

இதுவரை பார்த்தவை எல்லாம் சேர்ந்த ஃபார்முலா:

```
=IF(OR(B2="",C2=""),"",
 IF(B2=0,IF(C2=0,0,"புதிது"),
 ROUND((C2-B2)/ABS(B2),2)))
```

கால்குலேட்டர் வரிசையில் ‘புதிது’ என்று வரும். ஃபார்மட்டில் நான்காவது பகுதி எழுதாததால் எழுத்து அப்படியே தெரியும், அம்பு ஒட்டாது. `IFERROR` போட்டு எல்லாப் பிழையையும் மூடிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் எண்ணுக்குப் பதில் யாரோ எழுத்தைத் தட்டியிருந்தால் அந்தப் பிழையும் சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

ஒரு வரிசை விடாமல் எல்லாமே ▼ காட்டினால் ஃபார்மட்டைக் குடையாதீர்கள். வாரம் முடியாமலே கணக்கு எடுத்திருப்பீர்கள். நான்கு நாள் விற்பனையை ஏழு நாளோடு ஒப்பிட்டால் எல்லாம் இறங்கத்தான் செய்யும்.

மொத்த வரிசையில் ▲ +11% என்கிறது, ஆனால் விற்பனை அப்படி ஒன்றும் ஏறவில்லை

மேலே உள்ள சதவீதங்களுக்கு `AVERAGE` போட்டிருப்பீர்கள். சுருக்காத மதிப்புகளில் 50, -8, 0, 0.2 நான்கின் சராசரி 10.55. அது 11 ஆகத் தெரிகிறது. ஆனால் B மொத்தம் 1060, C மொத்தம் 1063. உண்மையான மாற்றம் 0.28% மட்டும். 40 நோட்டு 60 ஆனதற்கும் 400 பேனா 368 ஆனதற்கும் சராசரி ஒரே எடை கொடுத்துவிட்டது. மொத்த வரிசையிலும் B, C இரண்டையும் கூட்டி, அதே D ஃபார்முலாவை அங்கேயும் இழுங்கள். `ROUND` இருப்பதால் இங்கே 0% வரும். மொத்தத்துக்கு மட்டும் `ROUND(…,3)` என்று மாற்றி, அந்த ஒரு செல்லின் ஃபார்மட்டில் `0.0%` வைத்தால் ▲ +0.3% என்று தெரியும்.

சில்லறைக் கோளாறுகள்

▲ +1200% என்று வந்தால் ஃபார்முலாவில் ஏற்கெனவே 100-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள், % ஃபார்மட் இன்னொரு முறை பெருக்குகிறது. ஃபார்முலாவில் உள்ள `*100`-ஐ எடுங்கள். வேறு இடத்திலிருந்து 12 என்றே வரும் தரவானால் % குறியை மேற்கோளுக்குள் போடுங்கள்: `+0"%";-0"%";0"%"`.

`####` என்றால் அம்பும் குறியும் சேர்ந்து இடம் போதவில்லை, நெடுவரிசையை அகலமாக்குங்கள். அம்புகள் ஒரே கோட்டில் நிற்காமல் எண்ணின் நீளத்துக்கேற்ப ஆடினால் `"▲"* +0%` என்று எழுதுங்கள். நட்சத்திரக் குறிக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருக்கிறது, கவனியுங்கள். அது நடுவில் உள்ள இடத்தை இடைவெளியால் நிரப்பும். அம்பு இடது ஓரம், எண் வலது ஓரம். ▼ பகுதிக்கும் அதே மாதிரி.

திரும்பி வந்த சரக்கு, ரத்தான ஆர்டர் போன்ற வரிசைகளில் ஏறுவது கெட்ட செய்தி. அங்கே அம்பை மாற்றாதீர்கள், நிறத்தை மட்டும் இடம் மாற்றுங்கள்: `[Red]"▲ "+0%;[Color10]"▼ "-0%;0%`.

கடைசியாக, CSV-யாகச் சேமித்து அனுப்பியதில் அம்பு இருந்த இடமெல்லாம் `?` என்று வந்ததா? எக்செல் CSV-யில் எழுதுவது திரையில் தெரியும் உருவத்தை. அம்பும் கூடவே போகிறது, ஆனால் சாதாரண CSV வகையில் அந்த எழுத்துக்கு இடமில்லை. `CSV UTF-8` என்ற வகையில் சேமித்தால் அம்பு பிழைக்கும். ஆனால் வாங்குபவர் அதைத் திறந்து கணக்குப் போடப் போகிறார் என்றால் ‘▲ +50%’ அவருக்கு வெறும் எழுத்து. அப்படி அனுப்பும்போது D நெடுவரிசையை `General` ஆக்கிவிட்டுச் சேமியுங்கள். கோப்பில் 0.5, -0.08 என்று போகும். அவர் தன் பக்கம் இதே ஃபார்மட்டைப் போட்டுக்கொள்ளலாம்.